காலை ஆறு மணிக்கு வராத கணக்கு

ஒரு மோட்டார் நின்றுவிட்டால் சத்தம் நின்றுபோகும். யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இணையத்தில் இருக்கும் ஒரு ரிப்போர்ட் நின்றுபோனால் அப்படி எதுவும் நடக்காது. நேற்று இருந்த அதே வண்ணங்கள், அதே வரைபடங்கள், அதே எண்கள் இன்றும் திரையில் இருக்கும். அவை நேற்றைய எண்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். அலுவலகங்களில் பரவலாகப் புழங்கும் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ ரிப்போர்ட்டுகளில் வரும் மிக ஆபத்தான பழுது இதுதான். தவறான எண்ணைப் பார்த்தால் சந்தேகம் வரும். பழைய எண்ணைப் பார்த்தால் வராது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நூல் வரவு, துணி, கட்டிங், பேக்கிங் என்று எல்லாக் கணக்கும் அலுவலகத்திலேயே இருக்கும் ஒரு சர்வரில், SQL Server என்ற தரவுத்தளத்தில் பதிவாகிறது. நூல் விலை மட்டும் ஒரு எக்செல் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு அதே சர்வரின் பகிர்வு ஃபோல்டரில் கிடக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து, கையிருப்பில் எத்தனை கிலோ நூல் இருக்கிறது, இன்றைய விலையில் அதன் மதிப்பு என்ன என்று காட்டும் ரிப்போர்ட்டை அங்கே வேலை பார்த்த ஓர் இளைஞர் செய்து கொடுத்திருந்தார். தினமும் காலை ஆறு மணிக்கு அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எட்டு மணிக்கு முதலாளி மொபைலில் பார்ப்பார்.

ஒரு புதன்கிழமை அந்த இளைஞர் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினார். முறைப்படி அன்று மாலையே அவருடைய கணினிக் கணக்கை ஐடி பிரிவு முடக்கியது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நான்கு நாளும் காலை ஆறு மணி ரிஃப்ரெஷ் தோற்றது. திங்கள்கிழமை முதலாளி ரிப்போர்ட்டைப் பார்த்து, நூல் குறைவாக இருக்கிறதே என்று ஆர்டர் போடச் சொன்னார். கிடங்கில் இருந்தவர் போன் செய்தார். “அண்ணா, வெள்ளிக்கிழமைதானுங்க லோடு இறக்கினோம். இன்னொரு லோடு வந்தா வைக்க எடமில்லீங்க.”

என்ன நடந்தது என்று புரிய, காலை ஆறு மணிக்கு யார் எங்கே போய்க் கணக்கை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டைச் செய்யும்போது Power BI Desktop என்ற மென்பொருள் நம் கணினியிலேயே ஓடுகிறது. அது நம் பெயரில், நம் பாஸ்வேர்டில், நம் கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர்களில் நுழைந்து தரவை எடுக்கிறது. வேலை முடிந்து Publish கொடுத்ததும் ரிப்போர்ட்டும் அதன் தரவின் ஒரு பிரதியும் மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்குப் போய்விடுகின்றன. அதன் பிறகு அந்தப் பிரதி அப்படியே உறைந்து நிற்கும். அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கிளவுடில் இருந்து யாராவது திருப்பூர் அலுவலகத்துச் சர்வருக்குள் வந்து எடுத்துப் போக வேண்டும். ஆனால் எந்த அலுவலகமும் தன் சர்வரின் கதவை இணையத்துக்குத் திறந்து வைப்பதில்லை. வைக்கவும் கூடாது.

அதற்காகத்தான் கேட்வே. அலுவலகத்துக்குள்ளேயே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விண்டோஸ் கணினியில் On-premises data gateway என்ற சின்ன மென்பொருளை நிறுவுகிறார்கள். அது வெளியிலிருந்து யாரையும் உள்ளே விடுவதில்லை. தானே உள்ளிருந்து கிளவுடுக்கு ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, வேலை ஏதும் வருகிறதா என்று காத்திருக்கும். இதற்கு ஃபயர்வாலில் உள்ளே வரும் வழி எதையும் திறக்க வேண்டியதில்லை. வெளியே போகும் வழி இருந்தால் போதும். ஆறு மணி ஆனதும், இந்தச் சர்வரில் இந்தத் தரவுத்தளத்தில் இதை எடுத்து வா என்ற கோரிக்கை அந்த இணைப்பின் வழியாக வருகிறது. கேட்வே போய் எடுத்து அனுப்புகிறது.

எந்தப் பெயரில் போய் எடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேட்வேக்கு என்று சர்வரில் தனி உரிமை எதுவும் இல்லை. இணைப்பை முதன்முதலில் அமைத்தவர் அன்று தட்டச்சு செய்து கொடுத்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துத்தான் அது கதவைத் தட்டுகிறது. அந்தப் பாஸ்வேர்டு, கேட்வே கணினியில் உள்ள சாவியால் மட்டுமே பிரிக்கக்கூடிய விதத்தில் பூட்டப்பட்டு, கிளவுடில் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கோரிக்கையோடும் அது பூட்டிய நிலையிலேயே வரும். கேட்வே பிரித்துப் பயன்படுத்தும். பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் அலுவலகத்தில் பாஸ்வேர்டு மாறினாலும், கணக்கு முடக்கப்பட்டாலும் இந்தச் சேமிப்புக்கு ஒன்றும் தெரியாது. அமைத்த அன்று கொடுத்ததையே தினமும் கொண்டுபோய் நீட்டும்.

திருப்பூர் இளைஞர் தன் சொந்தப் பெயரைத்தான் கொடுத்திருந்தார். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் கையில் இருப்பது அதுதான். அவர் வேலையை விட்டுப் போகாமல் இருந்திருந்தாலும் இது ஒருநாள் நின்றிருக்கும். விண்டோஸ் டொமைனில் யாரும் எதையும் மாற்றாமல் விட்டால், பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாட்கள். அவர் புதிய பாஸ்வேர்டு வைத்த மறுநாள் காலை ரிஃப்ரெஷ் தோற்றிருக்கும். பல அலுவலகங்களில் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் மக்கர் பண்ணுவதாகச் சொல்வார்கள். அந்த இடைவெளியைப் பாஸ்வேர்டு மாற்றும் தேதிகளோடு பொருத்திப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

சரி, தோற்றதை யாருக்கும் சொல்லவில்லையா? சொன்னது. ரிஃப்ரெஷ் தோற்றால் உரிமையாளருக்கு மின்னஞ்சல் போகும். பவர் பிஐ கணக்கில் உரிமையாளர் என்பது அந்த ரிப்போர்ட்டின் தரவு மாடலைக் கடைசியாகத் தன் பெயரில் வைத்திருப்பவர், அதாவது அதே இளைஞர். முடக்கப்பட்ட அஞ்சல் பெட்டிக்குள் நான்கு எச்சரிக்கைகளும் போய் விழுந்தன. தொடர்ந்து நான்கு முறை தோற்றால் பவர் பிஐ அந்த அட்டவணையையே அணைத்துவிடும். ஆகவே திங்கள் காலை அது முயற்சிக்கூடச் செய்யவில்லை.

நிறுவனத்தின் ஐடியைப் பார்த்துக்கொள்ளும் இன்னோர் இளைஞரிடம் விஷயம் வந்தது. அவர் முதலில் செய்தது சரியான காரியம்: ரிப்போர்ட்டைத் திறந்து குடையாமல், பவர் பிஐ தளத்தில் அந்தத் தரவு மாடலின் Refresh history பக்கத்தைத் திறந்தார். ஒவ்வொரு முயற்சியும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, ஏன் தோற்றது என்று அங்கே வரிசையாக இருக்கும். தோல்வியின் விவரத்தை விரித்தால் பார்க்கவே பயமாக ஒரு நீண்ட குறியீடு வரும். அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அதன் கடைசிப் பகுதியைப் படித்தால் போதும். அவருக்கு வந்தது இது:

```
DM_GWPipeline_Gateway_InvalidConnectionCredentials
```

கேட்வேயை எட்ட முடிந்தது, கேட்வே சர்வரின் கதவு வரை போனது, நீட்டிய பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்படவில்லை என்று அர்த்தம். இதற்குப் பதிலாக GatewayUnreachable என்று முடிந்திருந்தால் கதையே வேறு. அப்போது பாஸ்வேர்டு வரை விவகாரம் போகவே இல்லை. கேட்வே கணினியே பதில் சொல்லவில்லை. முதல் பழுதுக்கு இரண்டாவதன் வைத்தியத்தைச் செய்து நாள் முழுக்க மாரடிப்பவர்களை நிறையப் பார்க்கலாம். கேட்வேயை மறுபடி நிறுவுவார்கள், கணினியை ரீஸ்டார்ட் செய்வார்கள். செல்லாத பாஸ்வேர்டு அப்படியே இருக்கும்.

கேட்வே பதில் சொல்லாத வகையை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. பகல் பதினொரு மணிக்குக் கையால் Refresh now கொடுத்துப் பாருங்கள். பகலில் ஜெயித்து, விடியற்காலையில் மட்டும் தோற்றால் பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம். அந்தக் கணினி இரவில் என்ன ஆகிறது என்று விசாரியுங்கள். ஒன்பது மணிக்குக் கடைசியாகப் போகிறவர் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகிறாரா, மின்தடை வந்தபின் கணினி தானாக எழுகிறதா, அல்லது அது ஒரு மடிக்கணினியா, மூடி வைத்தால் தூங்கிவிடுகிறதா? கேட்வேயில் தனிநபருக்கான வகை ஒன்றும் இருக்கிறது. அதை நிறுவியவர் அந்தக் கணினியில் லாகின் செய்திருக்கும்வரைதான் அது ஓடும். பொதுவான வகை விண்டோஸ் சர்வீஸாக ஓடுவதால் யாரும் லாகின் செய்ய வேண்டியதில்லை, கணினி விழித்திருந்தால் போதும். அலுவலக ரிப்போர்ட்டுக்குத் தனிநபர் வகையை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

திருப்பூர் கதைக்கு வருவோம். பாஸ்வேர்டு பிரச்சினை என்று தெரிந்ததும், மாடலின் Settings பக்கத்தில் இருக்கும் Take over பொத்தானை அழுத்தி அவர் தன்னை உரிமையாளராக மாற்றிக்கொண்டார். ரிப்போர்ட் பொதுவான ஒர்க்ஸ்பேஸில் இருந்ததால் இது முடிந்தது. உரிமையாளர் மாறினால் பழைய பெயரும் பாஸ்வேர்டும் கூடவே வராது, இணைப்புகளை மறுபடி பொருத்த வேண்டும். அவர் கேட்வேயில் புதிய இணைப்பு ஒன்றைச் சேர்த்தார். சர்வர் என்ற இடத்தில் அதன் ஐபி முகவரியைக் கொடுத்தார், பாஸ்வேர்டைக் கொடுத்தார், சோதித்தார். இணைப்பு வெற்றி என்று பச்சை வந்தது. ஆனால் மாடலின் Settings பக்கத்தில் Maps to என்ற இடத்தில் அந்த இணைப்பு வரவே இல்லை.

“சர்வர் அதேதானுங்க, பாஸ்வேர்டும் சரி, டெஸ்ட்டும் ஓகே. ஆனா எடுத்துக்க மாட்டேங்குதுங்க” என்று அவர் குழம்பினார்.

ரிப்போர்ட்டுக்குள் முதல் இளைஞர் எழுதி வைத்திருந்த வரி இப்படி இருந்தது:

```
Sql.Database("ACCSRV\SQLEXPRESS", "Yarn")
```

கேட்வேயில் இவர் கொடுத்ததோ 192.168.1.10\SQLEXPRESS. நமக்கு இரண்டும் ஒரே இயந்திரம் என்று தெரியும். கிளவுடில் இருக்கும் பவர் பிஐக்குத் தெரியாது. அது அந்த அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்ததே இல்லை. ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் பெயரும் கேட்வே இணைப்பில் எழுதியிருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. சர்வரின் பெயர், பின்கோட்டுக்கு அப்புறம் வரும் இன்ஸ்டன்ஸ் பெயர், தரவுத்தளத்தின் பெயர் ஆகிய மூன்றும் இரண்டு இடத்திலும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் பெயரும் இன்னோரிடத்தில் ஐபியும் இருந்தால் பொருந்தாது. ஓரிடத்தில் localhost என்று இருந்தாலும் பொருந்தாது. அது எந்தக் கணினியில் படிக்கப்படுகிறதோ அந்தக் கணினியைக் குறிக்கும் சொல், ரிப்போர்ட் செய்தவரின் கணினிக்கு ஓர் அர்த்தம், கேட்வே கணினிக்கு இன்னோர் அர்த்தம். கேட்வே தொடர்பான தொல்லைகளில் இது மிகவும் அலைக்கழிப்பது என்று நான் சொல்வேன். ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகச் சோதித்தால் சரியாக இருக்கும், சேர்த்தால் மட்டும் ஒட்டாது. அவர் ஐபிக்குப் பதிலாக ACCSRV\SQLEXPRESS என்ற பெயரைக் கொடுத்துக் கேட்வே இணைப்பை மறுபடி அமைத்தார். அடுத்த நிமிடம் Maps to பட்டியலில் இணைப்பு வந்து நின்றது.

நூல் விலை எக்செல் கோப்பு மிச்சமிருந்தது. ரிப்போர்ட் கோப்பைத் தன் கணினியில் திறந்தபோது எக்செலின் பழைய பாதை திறக்கவில்லை, காரணம் அந்த ஃபோல்டருக்கு அவருக்கு அனுமதி இல்லை. அனுமதி வாங்கி, தன் கணினியில் அந்த ஃபோல்டரை Z டிரைவாக மாட்டிக்கொண்டு, ரிப்போர்ட்டில் பாதையை `Z:\rate.xlsx` என்று மாற்றிப் பதிவேற்றினார். டெஸ்க்டாப்பில் அழகாக ஓடியது. கிளவுடில் கோப்பைக் காணோம் என்றது. Z டிரைவ் என்பது அவர் லாகின் செய்த பிறகு அவருக்காக மட்டும் விண்டோஸ் போட்டு வைத்த குறுக்கு வழி. வேறொரு கணினியில், வேறொரு பெயரில், பின்னணியில் ஓடும் கேட்வேக்கு அப்படி ஓர் எழுத்தே கிடையாது. நெட்வொர்க்கில் எங்கிருந்து பார்த்தாலும் செல்லுபடியாகும் முழுப் பாதையை எழுத வேண்டும்:

```
\\ACCSRV\Stock\rate.xlsx
```

அதேபோல C:\Users என்று தொடங்கும் பாதை எதையாவது ரிப்போர்ட்டில் பார்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். அது ஒரே ஒரு கணினியில், ஒரே ஓர் ஆளுக்குத்தான் வேலை செய்யும்.

இந்த மூன்று பழுதுக்கும் வேர் ஒன்று. டெஸ்க்டாப்பில் ஓடுகிறதே என்பது இங்கே சாட்சியம் ஆகாது. டெஸ்க்டாப்பில் போய் எடுப்பவர் ஓர் ஆள். காலை ஆறு மணிக்குப் போவது இன்னோர் ஆள். சோதிக்க வேண்டுமென்றால் அந்த இரண்டாவது ஆளின் இடத்தில் உட்கார்ந்து சோதிக்க வேண்டும்: கேட்வே நிறுவிய கணினியில், இணைப்பில் கொடுத்த அதே பயனர் பெயரில் லாகின் செய்து, அந்தக் கோப்பு திறக்கிறதா, அந்தத் தரவுத்தளத்துக்குள் போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே முடிந்தால் பெரும்பாலும் கிளவுடிலும் முடியும்.

யாருடைய பெயரில் போக வேண்டும் என்ற கேள்வியை மட்டும் இந்த முறை அவர்கள் சரியாகத் தீர்த்தார்கள். எந்த மனிதருடைய பெயரும் வேண்டாம். ரிப்போர்ட்டுக்கென்றே டொமைனில் தனியாக ஒரு கணக்கு உருவாக்கி, தரவுத்தளத்தில் அதற்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுத்தார்கள். SQL Server-இல் அதற்கு db_datareader என்ற பாத்திரம் தயாராகவே இருக்கிறது. விலைக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலும் படிக்கும் அனுமதி மட்டும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நீளமானது, எப்போது மாற்றப்பட வேண்டும் என்பது ஐடி பிரிவின் நாட்காட்டியில் இருக்கிறது, மாற்றும் அன்றே கேட்வே இணைப்பிலும் மாற்றிவிட வேண்டும் என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறார்கள். ஆட்கள் வருவார்கள், போவார்கள். இது அவர்களோடு போகாது. இதற்கு ஆகும் வேலை அரை மணி நேரம்கூட இல்லை. இருந்தும் பல அலுவலகங்களில் முதலாளியின் பாஸ்வேர்டையே கேட்வேயில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியும் என்பதால் ரிஃப்ரெஷ் ஓடுகிறது. எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய, அழிக்கவும் கூடிய ஒரு பெயர் தினமும் தானாக உள்ளே போய் வருகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

கேட்வே நிறுவும்போது ஒரு மீட்புச் சாவி கேட்கும், திரையில் Recovery key என்று வரும். நிறுவுகிறவர் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டு மறந்துவிடுவார். அந்தக் கணினி ஒருநாள் பழுதாகி, கேட்வேயை வேறு கணினிக்கு மாற்ற வேண்டி வரும்போது இதுதான் தேவை. இல்லையென்றால் புதிதாகக் கேட்வே அமைத்து, எல்லா இணைப்புகளையும் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மறுபடி உட்கார்ந்து கொடுக்க வேண்டும். பூட்டியதைப் பிரிக்கும் சாவி போய்விட்டதால் மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது.

எல்லாம் சரியான பிறகு ஒரு விஷயத்தை அவர்கள் கிட்டத்தட்ட விட்டுவிட்டிருப்பார்கள். கையால் கொடுத்த ரிஃப்ரெஷ் ஜெயித்தது, எண்கள் வந்தன. ஆனால் நான்கு தோல்விக்குப் பின் அணைந்த அட்டவணை தானாகத் திரும்ப ஓடத் தொடங்காது. Settings பக்கத்தில் போய் அதை மறுபடி இயக்க வேண்டும். அதே பக்கத்தில் தோல்வி அறிவிப்பு யாருக்குப் போக வேண்டும் என்ற இடமும் இருக்கிறது. உரிமையாளர் ஒருவருக்கு மட்டும் போகாமல், ஐடி பிரிவின் பொது முகவரிக்கும் கணக்குப் பிரிவில் ஒருவருக்கும் போகும்படி சேர்த்தார்கள்.

முதலாளி கேட்டது வேறு. “தம்பி, மெயில் வருதோ வரலையோ, நான் பார்க்கிற எடத்துல தெரியணும். இது என்னிக்குக் கணக்குன்னு மேலயே போட்டிருங்க.” அவர் கேட்டதுதான் மிகத் தேவையானது என்று நினைக்கிறேன். ரிப்போர்ட்டின் தலையில் இரண்டு தேதி போட்டார்கள். ஒன்று, கடைசியாக ரிஃப்ரெஷ் ஆன நேரம். கிளவுடில் கடிகாரம் உலக நேரத்தில் ஓடுவதால், சும்மா இப்போதைய நேரத்தைக் கேட்டால் காலை ஆறு மணி ரிஃப்ரெஷ் நள்ளிரவு பன்னிரண்டரை என்று காட்டக்கூடும். இந்திய நேரத்தை இப்படி வாங்க வேண்டும்:

```
DateTimeZone.SwitchZone(DateTimeZone.UtcNow(), 5, 30)
```

இன்னொன்று, தரவுத்தளத்தில் இருக்கும் கடைசி நூல் வரவுப் பதிவின் தேதி. ரிஃப்ரெஷ் ஒழுங்காக நடந்திருந்தும், கிடங்கில் இரண்டு நாளாகப் பதிவே போடாமல் இருந்தால் அது முதல் தேதியில் தெரியாது, இரண்டாவதில் தெரிந்துவிடும். முதல் தேதி பழையதாக இருந்தால் முதலாளி ஐடி தம்பியைக் கூப்பிடுகிறார். இரண்டாவது தேதி பழையதாக இருந்தால் கிடங்குக்குப் போன் போகிறது.